நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகளிடம் மணி அடிக்காதீர்கள்

நேர்முகப் பரீட்சைக் காலம் வந்தால் இரண்டு வைத்தியங்கள் ஊரில் சுற்றத் தொடங்கும். ஒன்று, வட்ஸ்அப்பில் வரும் "சுய அறிமுகம்" என்ற பந்தி. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு அப்படியே பாடமாக்க வேண்டுமாம். மற்றது, பேச்சுப் பயிற்சிப் பட்டறை. அங்கே பிள்ளை "ஸோ" என்றால் மணி அடிப்பார்கள், "பேசிக்கலி" என்றால் பத்து ரூபாய் தண்டம், "யூ நோ" என்றால் எல்லோரும் சேர்ந்து சிரிப்பு. இதற்குக் கட்டணம் வேறு. இரண்டுமே பிள்ளைக்கு உதவாது என்று நாங்கள் சொல்கிறோம். ஏன் என்று ஆறுதலாகச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

முதலில் இந்தச் சொற்கள் எங்கே வந்து விழுகின்றன என்று பார்க்க வேண்டும். எங்களிடம் வந்த ஒரு மாணவி உயர்தரம் முடித்து, முன்பள்ளி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தவள். அவளைப் பேசச் சொல்லி போனில் பதிந்தோம். பிறகு ஒரு சொல்லும் விடாமல் அவளையே எழுத வைத்தோம். ஊரை மட்டும் மாற்றித் தருகிறோம்:

"ஸோ, என்ட பேர் வந்து இன்னார். ஸோ, நான் பேசிக்கலி கிண்ணியா. யூ நோ, ஏ.எல். ஆர்ட்ஸ்தான் செஞ்சேன். ஸோ, அதுக்குப் பிறகு பேசிக்கலி ஒரு டிப்ளோமா, யூ நோ, முன்பள்ளி சம்பந்தமா. ஸோ, இப்ப பேசிக்கலி வீட்டுல பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன். ஸோ... அவ்வளவுதான்."

எண்ணிப் பாருங்கள், பதினொன்று. அதில் ஆறு, வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கின்றன. ஊரிலிருந்து படிப்புக்கும், படிப்பிலிருந்து வேலைக்கும் தாவும் இடங்கள் அவை. வாய் முந்தின விசயத்தை முடித்துவிட்டது, அடுத்தது எது என்று மனம் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த இடைவெளியை மூட ஒரு "ஸோ". மீதி ஐந்தும் முக்கியமான விவரத்துக்குச் சற்று முன்னால் வருகின்றன: பெயர், ஊர், டிப்ளோமா, அது எதைப் பற்றியது, இப்போது செய்யும் வேலை. எந்த விவரத்தை எப்படிச் சொல்வது என்று தேடும் நேரம் அது.

ஆக, இது நாக்கின் கெட்ட பழக்கம் மட்டும் அல்ல, முடிவெடுக்க எடுத்த நேரத்தின் சத்தம். கிளார்க், ஃபொக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் ஆங்கிலப் பேச்சில் வரும் "அ", "அம்" பற்றி எழுதினார்கள். "கொஞ்சம் பொறுங்கள், வருகிறது" என்று கேட்பவருக்குச் சொல்லும் அடையாளங்கள் அவை என்பது அவர்களது வாதம்.

இப்போது மணிக்கு வருவோம். அடுத்து என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தன் வாயையும் காவல் காக்கும் வேலையைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். தேடல் இன்னும் மெதுவாகிறது. "ஸோ" போய் அந்த இடத்தில் "ம்ம்ம்" வருகிறது. பட்டறைக்காரர் கணக்கில் அது முன்னேற்றம்! டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களிலும் இப்படிச் சொற்களை எண்ண ஒருவர் இருக்கிறார். எண்ணுவதில் எங்களுக்குக் குறை இல்லை. பேசி முடிந்த பிறகு, பதிவைக் கேட்டு, பிள்ளையே எண்ண வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. பேசும்போது அல்ல.

பாடமாக்குவது அதைவிட மோசம். ஒரு சொல் தவறினால் முழுதும் நின்றுவிடும். பாடமாக்கியதைக் கண்டுபிடிப்பதும் சுகம்: நடுவில் நிறுத்தி, "எந்த வருசம் முடிச்சீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் "என்ட பேர்..." என்று முதலுக்கே போகும் பிள்ளை பந்தியைப் பாடமாக்கியது. நேர்முகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? "பயின்று வருகின்றேன்" என்று எந்தப் பிள்ளை வாயால் பேசுகிறது?

அப்படியென்றால் எழுதவே கூடாதா? எழுத வேண்டும். ஆனால் முழுவதையும் அல்ல, மூட்டுகளை மட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முதல் வாக்கியம், எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு கடைசி வாக்கியம். அந்த மாணவியின் அட்டையில் ஐந்து வரிதான் இருந்தது:

"என்ட பேர் இன்னார், கிண்ணியாவிலிருந்து வாறேன்."
"உயர்தரத்தில கலைப்பிரிவு படிச்சேன்."
"2023ல முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா முடிச்சேன்."
"இப்ப வீட்டுல ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்."
"சின்னப் பிள்ளைகளோட வேலை செய்ய விருப்பம், அதனாலதான் விண்ணப்பிச்சேன்."

எல்லாம் அவள் வாயில் வரும் பேச்சு. ஒவ்வொன்றும் பெயர், பாடம், வருடம், இடம் என்று ஒரு விவரத்தில் தொடங்குகிறது. "பிறகு", "அடுத்ததாக" என்று தொடங்கினால் அந்த வாசலில் "ஸோ" திரும்பவும் வந்து குந்தும். இடையில் சொல்ல வேண்டியதை எழுத விடவில்லை. "எழுத்து, பாட்டு, கத்தரித்து ஒட்டுதல்" என்று மூன்று சொல் மட்டும் குறித்துக்கொண்டாள். அதை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகச் சொன்னாள், அதுதான் தேவை. கடைசி வரியை மறக்க வேண்டாம். எங்கே முடிப்பது என்று தெரியாததால்தான் "ஸோ... அவ்வளவுதான்" வருகிறது.

பயிற்சியிலும் மூட்டுதான் முதலில். நடுவை விட்டுவிட்டு ஐந்து வரியை மட்டும் சொல்ல வைத்தோம். ஒவ்வொன்றும் முடிய வாயை மூடி மூக்கால் மூச்சை இழுத்து, பிறகு அடுத்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது "ஸோ" சொல்ல முடியாது, முயன்று பாருங்கள். பேசுபவருக்கு அந்த ஒரு வினாடி ஒரு யுகம் போல இருக்கும். "மிஸ், நான் மறந்துட்டேன் எண்டு நினைப்பாங்க" என்றாள். பதிவைப் போட்டுக் காட்டினோம். அவளுக்கே அந்த இடைவெளி சாதாரணமாகத்தான் கேட்டது.

அதன் பிறகுதான் நடுப்பகுதியைச் சேர்த்தோம். அடுத்த நாள், மூன்றாவது வரியிலிருந்து தொடங்கச் சொன்னோம். அதற்கடுத்த நாள் நடுவில் கேள்வி கேட்டு மறித்தோம். உம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு தடவை, பழக்கமில்லாத ஒரு டீச்சருக்கு முன்னால் ஒரு தடவை. முதல் நாள் பதினொன்று, அட்டை வந்த பிறகு ஏழு, நான்காம் நாள் இரண்டு. அந்த இரண்டையும் நாங்கள் துரத்தவில்லை.

ஏனென்றால் எல்லா "ஸோ"வும் குப்பை அல்ல. "கிண்ணியாவில இந்த டிப்ளோமா இல்ல, ஸோ திருகோணமலைக்குப் போய்ப் படிச்சேன்" என்றால் அது "ஆகவே" என்ற வேலையைச் செய்கிறது. எடுத்துப் பார்த்தால் காரணமும் விளைவும் அறுந்துபோகும். எடுத்த பிறகும் பொருள் மாறாமல் நின்றால் மட்டும்தான் அது இட்டு நிரப்பின சொல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிராமத்துப் பிள்ளை "வந்து, வந்து" என்றால் பேசத் தெரியாதது என்கிறார்கள். அதே இடத்தில் கொழும்புப் பிள்ளை "பேசிக்கலி" என்றால் கெட்டிக்காரன். இரண்டும் ஒரே ஓட்டையை அடைக்கும் ஒரே துணி. பட்டறையில் "வந்து"வை விட்டுவிட்டு "பேசிக்கலி" பழகி வந்த பிள்ளைகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். காசு கொடுத்து!

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. அறிமுகம் முன்கூட்டியே தெரிந்த பேச்சு, அதனால்தான் மூட்டுகளை எழுதிவைக்க முடிகிறது. அது முடிந்து கேள்விகள் தொடங்கியதும் "ஸோ"வும் "வந்து"வும் திரும்பி வரும். அந்த மாணவிக்கும் வந்தது. அப்போது அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கிற பிள்ளையிடம் மணி அடிப்பவர்கள், அந்த மணியை இந்த மாதம் அலுமாரியில் வைத்துவிட்டு, பிள்ளை கையில் ஒரு போனையும் ஒரு சின்ன அட்டையையும் கொடுங்கள்.