மாதமொரு மாத்திரையும் டாலிகஞ்சின் குளிர்காலமும்

நாய்களின் இதயப்புழு நோய்க்குத் தரப்படும் மாதாந்தர மருந்தைத் 'தடுப்பு மருந்து' என்று அழைப்பதே பல தவறுகளுக்குத் தோற்றுவாயாகிறது. தடுப்பு என்றவுடன், இன்று கொடுத்த மாத்திரை வரும் முப்பது நாள்களுக்குக் கவசமாக நிற்கும் என்ற எண்ணம் எழுகிறது. ஐவர்மெக்டின், மில்பிமைசின் போன்ற வாய்வழி மருந்துகள் செய்வது வேறு. அவை சில நாள்களில் உடலைவிட்டு நீங்கிவிடும். சென்ற மாதத்தில் ஏற்கெனவே உடலுக்குள் புகுந்துவிட்ட லார்வாக்களையே அவை அழிக்கின்றன. மாத்திரை பின்னோக்கிப் பார்க்கிறது, முன்னோக்கி அன்று. இந்த வேறுபாட்டை உணராதவர்கள்தாம் மழை ஓய்ந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கொல்கத்தா போன்ற நகரில் அது பிழையான முடிவு.

நோயுற்ற நாயின் இரத்தத்தில் டைரோஃபைலேரியா இமிட்டிஸ் என்னும் புழுவின் நுண்குஞ்சுகள் மிதக்கின்றன. (இதே நகரில் 1872இல் திமொத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் இத்தகைய நுண்புழுக்களைக் கண்டார்; பின்னர்த் தெருநாய்களின் இரத்தத்தையும் ஆராய்ந்தார்.) அவற்றை உறிஞ்சும் கொசு வெறும் வாகனமன்று. அதன் உடலுக்குள் அவை வளர்ந்து மூன்றாம் நிலையை அடைந்தால்தான் அடுத்த நாய்க்குத் தொற்றும். அவ்வளர்ச்சிக்கு வெப்பம் வேண்டும். 14 பாகை செல்சியஸுக்குக் கீழ் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகையையும் நாள்தோறும் கூட்டிவர, தொகை ஏறத்தாழ 130 ஆகும்போது லார்வா முதிர்கிறது. நாளின் சராசரி 30 பாகையானால் எட்டு நாள்கள் போதும். கொல்கத்தாவின் சனவரிச் சராசரி 20 பாகையை ஒட்டியது. அப்போது சுமார் இருபத்திரண்டு நாள்கள். ஒரு மாதம் உயிர்வாழும் கொசுவுக்கு அதுவும் எட்டக்கூடியதே.

கொசுவுக்கும் அங்கே குறைவில்லை. டாலிகஞ்சை ஒட்டிச் செல்லும் டாலி நாலா, பழைய ஆதிகங்கையின் வழி, இன்று பெரும்பாலும் கழிவுநீரைச் சுமக்கிறது. கழிவுநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவின் முட்டைகளையும் இளவுயிரிகளையும் கனமழை அடித்துச் சென்றுவிடும். ஓட்டம் தளர்ந்த வறண்ட மாதங்களே அதற்கு உகந்தவை. ஆகவே 'மழைக்கால நோய்' என்ற கணிப்பு இரு வகையிலும் பொய்க்கிறது.

டாலிகஞ்சில் வளரும் ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 1இல் மாத்திரை தரப்பட்டது. குளிர் தொடங்கியதால் மார்ச் 1 வரை நிறுத்தப்பட்டது. நவம்பர் 20இல் தொற்றுள்ள கொசு கடிக்கிறது. கடிவாயில் சிந்திய கொசுவின் உடல்நீர்த் துளியிலிருந்து லார்வா புண்வழியே தோலுக்குள் நுழைகிறது. இரண்டு வாரத்துக்குள் நான்காம் நிலையாகிறது. ஐம்பது நாளுக்குப் பின் இளம்புழுவாக மாறத் தொடங்குகிறது. டிசம்பர் 1இல் மாத்திரை தந்திருந்தால் பதினோராம் நாளில் அது மடிந்திருக்கும். அதைத் தவறவிட்டாலும் சனவரி 1இல், அதாவது 42ஆம் நாளில், பெரும்பாலும் அழித்திருக்கலாம். பிப்ரவரி 1 எழுபத்து மூன்றாம் நாள். அப்போது புழு மருந்தின் கைக்கு எட்டாத பருவத்தில் இருக்கும். மார்ச் 1 நூற்றோராம் நாள். நுரையீரல் தமனியை அடைந்திருக்கும். ஒரு மாத மறதியை மருந்து பொறுக்கும்; மூன்று மாத ஓய்வைப் பொறுக்காது.

இதயப்புழு என்ற பெயரும் சற்றே திசைதிருப்புகிறது. முதிர்ந்த புழுக்களின் முதன்மை உறைவிடம் நுரையீரல் தமனிகளே. பெண்புழு 25 செ.மீ.க்கும் மேல் நீளும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வாழும். அது உராயும் இடத்தில் தமனியின் உட்சுவர் புண்பட்டு, தடித்து, விரல்போன்ற முண்டுகளை வளர்க்கிறது. குழாய் குறுகி விறைக்கிறது. குறுகிய குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ள வலது இதயவறை அழுத்தத்தைக் கூட்டவேண்டியிருக்கிறது. காலப்போக்கில் அது விரிந்து தளர்கிறது. இருமல், நடந்தால் இளைப்பு, பின்னர் வயிற்றில் நீர் கோத்தல் என்று நோய் வெளிப்படும். புழுக்கள் மிகுந்து வலது மேலறைக்குப் பின்னிறங்கி மூவிதழ் வால்வை மறித்தால் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அந்நிலையில் புழுக்களை அறுவை முறையில் வெளியே இழுப்பதே பெரும்பாலும் எஞ்சும் வழி. அதற்கு முந்திய கட்டத்தில் மெலார்சோமின் ஊசி புழுவைக் கொல்லும். ஆனால் இறந்த புழுத் துண்டுகளே தமனியை அடைக்கக்கூடும் என்பதால் வாரக்கணக்கில் நாயை ஓடவிடாமல் அடக்கி வைக்கவேண்டும்.

மேற்சொன்ன நாய்க்கு மார்ச்சில் இரத்தப் பரிசோதனை செய்து 'தொற்றில்லை' என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடலாகாது. எதிர்ப்பொருள் தூண்டிப் பரிசோதனை கண்டறிவது முதிர்ந்த பெண்புழு வெளியிடும் புரதத்தை. அது புலப்படத் தொற்றிலிருந்து ஆறேழு மாதம் ஆகும். நவம்பர் 20இன் கடி சூன் இறுதியில்தான் சோதனைக்குழாயில் தெரியவரும். ஆகையால் மார்ச்சில் மருந்தை மீண்டும் தொடங்குவதோடு, சூலையில் இன்னொரு முறை சோதிப்பதும் கட்டாயம்.