ஒருநாள் லீவின் விலை ஆறாயிரம் ரூபா

கிளிநொச்சியில் சிறு தையல் நிலையமொன்றில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தனது கணக்குக் கொப்பியை என்னிடம் காட்டினார். பாடசாலைச் சட்டை ஒன்று தைத்தால் 60 ரூபா. மடிப்புப் பாவாடைக்கு 80 ரூபா. அந்த மாதம் 24 நாட்களில் 200 சட்டைகளும் 150 பாவாடைகளும் தைத்திருந்தார். இரண்டிலும் தலா 12,000 ரூபா. ஒருநாளும் தவறாமல் வந்ததற்கான வரவுக் கொடுப்பனவு 5,000. மொத்தம் 29,000 ரூபா.

ஒருநாள் வராவிட்டால் தையலில் இழப்பது சராசரியாக 1,000 ரூபாதான். ஆனால் வரவுக் கொடுப்பனவும் முழுதாகப் போய்விடும். ஆக, இழப்பு 6,000 ரூபா.

காணாமல் ஆக்கப்பட்ட கணவர் பற்றிய விசாரணைக்குக் கடிதம் வந்த மாதம் அவர் அந்த விலையைத்தான் கொடுத்தார். "ஆறு நாள் தைச்ச காசு, தங்கச்சி" என்றார்.

வெட்டிய துணி வராத நாட்களிலோ நிலைமை வேறு. தைக்க எதுவும் இல்லாததால் துண்டுக்கூலி கிடைக்காது. ஆனாலும் வரவுக்காக வந்து காத்திருக்க வேண்டும்.

அந்த 5,000 ரூபாவை 24 நாட்களுக்கும் பிரித்து, வராத நாளுக்கு மட்டும் கழித்தால் இழப்பு ஏறக்குறைய 1,208 ரூபாவாகக் குறையும். ஒழுங்காக வருபவருக்கு ஊக்கம் அப்போதும் இருக்கும். விசாரணைக்குப் போனவருக்குத் தண்டம் இருக்காது.