பெயர் சூட்டுவது யார்?

குழந்தைக்குப் பெயர் வைப்பவர்கள் தாயும் தந்தையும் என்று நாடு நம்புகிறது. நாம் நம்பவில்லை. அழைக்கும் வாய் பெற்றோருடையது. அந்த வாய்க்குச் சொல்லை எடுத்துக் கொடுப்பதோ, அந்தந்தக் காலத்தில் மக்கள் மனத்தை ஆளும் மதம்!

இங்கிலாந்தைப் பாருங்கள். விசுவாசம், நம்பிக்கை என்னும் பொருளில் ஃபெய்த் என்றும் ஹோப் என்றும் அங்கே பெண்களுக்குப் பெயருண்டு. கேட்க இனிமைதான், ஆனால் அப்பெயர்கள் பரவியது ஒரு போராட்டத்திலே. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரோமாபுரியின் மிச்சங்களைத் திருச்சபையிலிருந்து துடைத்தெறியக் கிளம்பிய பியூரிட்டன் கூட்டத்தார், புனிதர் பட்டம் பெற்றவர்களின் பெயரைப் பிள்ளைக்கு இடுவதையே வெறுத்தனர். விவிலியத்துப் பெயர்களை எடுத்துக்கொண்டனர். அதுவும் போதாதென்று, தங்கள் கொள்கையையே பெயராக்கினர் சிலர். 1620-இல் மேஃபிளவர் கப்பலேறி அமெரிக்கா சென்றாரே வில்லியம் புரூஸ்டர், அவருடைய பிள்ளைகளுள் நால்வரின் பெயரைத் தமிழில் சொன்னால் வியப்பீர்கள்: அன்பு, மல்லாடல், பொறுமை, அச்சம்! முதலிரண்டும் ஆண்மக்களுக்கு, பொறுமையும் அச்சமும் பெண்மக்களுக்கு! அன்பையும் போரையும் ஆணுக்கு அளித்தவர், அடக்கத்தையும் நடுக்கத்தையும் பெண்ணுக்கு ஒதுக்கினார். 1660-இல் முடியாட்சி மீண்டது. பியூரிட்டன் செல்வாக்குச் சரிந்தது. முரட்டுப் பெயர்கள் மெல்ல மறைந்தன. இயக்கம் தளர்ந்தால் அது தந்த பெயர்களும் தளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம் மன்னார்குடிக்கு வருவோம். ஊர் நடுவே ராஜகோபாலசாமி கோயில்; தாயாருக்குச் செங்கமலம் என்று பெயர். ஆகவே ஊரெங்கும் ராஜகோபால்கள், வீடுதோறும் செங்கமலங்கள். ஆனால் அந்த ஊரைச் சுற்றியுள்ள வயலிலே நாற்று நட்டவனுக்கு என்ன பெயர்? குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி! பிறந்த பிள்ளைகள் இறந்துகொண்டே போனால், அடுத்ததையேனும் கூற்றுவன் கண்வைக்காமல் விடட்டும் என்று இழிந்த பெயரிட்டார்கள் என்பர். உண்மைதான், அந்த அச்சம் மேல்சாதியிலும் இருந்தது. ஆயினும் அங்கே 'சாமி' ஒட்டிக்கொண்டு குப்புசாமி ஆயிற்று. சேரியிலே வெறுங் குப்பனாகவே நின்றது! ஏன் நின்றது? மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் விடை சொல்லும். பார்ப்பனன் பெயரில் மங்கலமும், சத்திரியன் பெயரில் வலிமையும், வைசியன் பெயரில் செல்வமும், சூத்திரன் பெயரில் இழிவும் விளங்க வேண்டுமாம்! பெயரைக் கேட்டதும் திண்ணையா, தெருக்கோடியா என்று முடிவு செய்ய வேறென்ன வேண்டும்?

இந்த ஏட்டைக் கிழிக்கத் தமிழர் இரண்டு படி ஏறவேண்டியிருந்தது. நாகப்பட்டினத்து வேதாசலம், 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டு, மறைமலை ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. மொழி மாறியது, பொருள் மாறவில்லை. அது முதற்படி. பின்னர்த் திருக்கண்ணபுரத்து நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். காட்டூர் இராமையா அன்பழகன் ஆனார். இங்கே மொழியோடு பொருளும் மாறியது. கடவுள் இறங்கினார், வரலாறும் பண்பும் ஏறின. அன்பழகன், அறிவழகன், வெற்றிச்செல்வன்: இவையே நம் ஃபெய்த்தும் ஹோப்பும்! குப்பன் மகனும் அறிவழகன், பண்ணையார் மகனும் அறிவழகன் என்றானபோது, பெயரைக் கொண்டு சாதியை மோப்பம் பிடித்தவர் மூக்கு மழுங்கிற்று.

இன்றோ பஞ்சாங்கம் பழி வாங்குகிறது. நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் பாதம் 4, ஆக 108 எழுத்துகள். பிறந்த பாதத்தின் எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்கிறான் சோதிடன். மன்னார்குடியில் ஆயில்யத்தில் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். அதற்கு அவன் தரும் எழுத்துகள் டி, டு, டே, டோ. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாக வாராது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. அறிவழகன் என்று வைக்க வழியில்லை, தமிழ்ச்செல்வி என்று வைக்கவும் வழியில்லை! தமிழில் எந்தச் சொல்லும் கிடைக்காமல், பொருள் தெரியாத ஓசையைத் தேடிப் பெற்றோர் அலைகின்றனர். தமிழ்ப்பெயர் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. தமிழ் நுழைய முடியாத வாயிலொன்றை வைத்துவிட்டார்கள், அவ்வளவே. கட்டளையின்றித் தடை செய்யும் கலை இதுவன்றோ?

தோழர்களே! தொட்டிலருகே நிற்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பெயருக்குப் பொருளென்ன? முதலெழுத்தைக் கொடுத்தவன் எவன்? ஆணாயின் வெற்றியும் பெண்ணாயின் பொறுமையும் என்று புரூஸ்டரின் தராசையே நாமும் தூக்குகிறோமா? இம்மூன்றுக்கும் கூசாமல் விடை சொல்ல முடிந்தால், அந்தப் பெயரைச் சூட்டியவர் நீங்கள். முடியாவிட்டால், சூட்டியவன் மனு. நீங்கள் அழைத்தவர் மட்டுமே!