மூட்டையா, சிறு பொட்டலமா?

கிள்ளானில் ஒரு தரை வீட்டில் மணி என்னும் நாய் வளர்கிறது. ஏறக்குறைய 12 கிலோ எடையுள்ள, நன்கு வளர்ந்த நாட்டு நாய் அது. அதற்கு நாளொன்றுக்கு 200 கிராம் உலர் தீனி போதும். இவ்வளவு எடையுள்ள நாய்க்கு இவ்வளவு தீனி என்று பையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள அட்டவணையும் ஏறத்தாழ அதே அளவைத்தான் காட்டுகிறது.

வீட்டுத் தலைவர் முன்பெல்லாம் ஒன்றரைக் கிலோ பொட்டலமாக வாங்கி வந்தார். ஒரு பொட்டலம் ரி.ம. 18. ஒருநாள், அதே தீனி 15 கிலோ மூட்டையில் ரி.ம. 120க்குக் கிடைப்பதைக் கடையில் கண்டார். சிறு பொட்டலத்தில் கிலோ 12 ரிங்கிட்; மூட்டையிலோ 8 ரிங்கிட். மறுயோசனை இல்லாமல் மூட்டையை வாங்கி வாகனத்தில் ஏற்றினார்.

முதல் பார்வைக்கு அவர் செய்தது சரிதான். பொட்டலம் ஏழரை நாளுக்கு வரும். எனவே ஒரு நாள் செலவு ரி.ம. 2.40, மாதச் செலவு ரி.ம. 72. மூட்டை 75 நாளுக்கு வரும். ஒரு நாள் செலவு ரி.ம. 1.60, மாதச் செலவு ரி.ம. 48. மாதந்தோறும் 24 ரிங்கிட் மிச்சம். பெரும்பாலோர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகின்றனர். உண்மையில் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில், மூட்டையின் விலையை அது எத்தனை நாள் வரக்கூடும் என்பதால் வகுப்பது சரியன்று; நாய் அதை எத்தனை நாள் உண்மையாகவே உண்டது என்பதால்தான் வகுக்க வேண்டும்.

உலர் தீனி பார்ப்பதற்குக் கல்போல் காய்ந்திருந்தாலும் அதில் கொழுப்பு உண்டு. உருண்டைகளின் மேல் கொழுப்பு தெளிக்கப்படுவதால்தான் நாய் அதன் மணத்தை நாடி வருகிறது. பையைத் திறந்ததும் அந்தக் கொழுப்பு காற்றிலுள்ள உயிர்வாயுவுடன் சேர்ந்து மெல்ல மெல்லக் கெடத் தொடங்கும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். நம் நாட்டின் ஈரக்காற்று போதாக்குறைக்குப் பூசணத்தையும் அழைத்து வரும். எறும்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டா. திறந்த பையை ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும் எனத் தயாரிப்பாளர்கள் பலர் கூறுவதற்கு இதுவே காரணம். பையில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி திறக்காத பைக்கு மட்டுமே பொருந்தும். திறந்த பின்னும் அந்தத் தேதியையே நம்பிக்கொண்டிருப்பது பலரும் செய்யும் தவறு.

மணியின் வீட்டில் நடந்ததும் இதுதான். மூட்டையைக் கார் நிறுத்துமிடத்தில், சுவர் ஓரமாக வாய் மடித்து வைத்திருந்தார்கள். பிற்பகல் வெயில் அதன்மேல் நேராக விழும். ஏழாவது வாரத்தில் மணி தட்டை முகர்ந்துவிட்டுப் போகத் தொடங்கியது. பாதி உண்டது, மீதியை விட்டது. வெளிக்குப் போவதும் இளகலாக இருந்தது. நாய்க்குத் திமிர் வந்துவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். படிவம் இரண்டில் பயிலும் மகள்தான் ஒரு கைப்பிடித் தீனியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“அப்பா, பழைய எண்ணெய் மாதிரி சிக்கு நாற்றம் அடிக்குது. இதைப் போய் மணிக்குக் கொடுக்கிறோமே!”

ஐம்பதாம் நாள் மீதி 5 கிலோவைக் குப்பையில் கொட்டினார்கள். மகள் கணக்குப் போட்டாள்: 120 ரிங்கிட்டை 50 நாளால் வகுத்தால் ரி.ம. 2.40. சிறு பொட்டலத்தின் அதே செலவு! நாற்பத்திரண்டாம் நாளிலேயே நிறுத்தியிருந்தால் ஒரு நாள் செலவு ரி.ம. 2.86 ஆகியிருக்கும். மலிவு என்று நம்பி வாங்கிய மூட்டை பொட்டலத்தைவிட விலை கூடியதாகியிருக்கும். அதற்காகக் கெட்ட தீனியைத் தொடர்ந்து கொடுத்திருக்கலாம் என்று எவரும் வாதிட முடியாது. மருத்துவரிடம் ஒருமுறை போனாலே பல மாத மிச்சம் கரைந்துவிடும்.

மூட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கையைத் தாராளமாக்கும். பொட்டலத்திலிருந்து அளந்து போடுகிறவர், மூட்டை நிறைய இருக்கும்போது குவளையைக் குவித்து அள்ளுவார். குவித்த குவளையில் 200 கிராமுக்குப் பதில் 250 கிராம் இருந்தால் மூட்டை 60 நாளிலேயே தீர்ந்துவிடும். அப்போது ஒரு நாள் செலவு 2 ரிங்கிட். எதிர்பார்த்த 80 சென் மிச்சத்தில் பாதி போய்விடும், நாயும் பருத்துவிடும். சமையலறைத் தராசில் ஒருமுறை 200 கிராம் நிறுத்து, குவளையில் அது நிற்கும் உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

கிலோ விலையை மட்டும் பார்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. கிலோ 7 ரிங்கிட்டுக்கு வேறொரு தீனி கிடைக்கலாம். ஆனால், அதில் ஆற்றல் குறைவு. அதே நாய்க்கு 260 கிராம் வேண்டும் என்று பையில் இருந்தால் ஒரு நாள் செலவு ரி.ம. 1.82. எட்டு ரிங்கிட் தீனியின் ரி.ம. 1.60ஐவிட அது அதிகம். ஆகையால், ஒப்பிட வேண்டியது கிலோவை அன்று, நாளை.

அப்படியானால் மூட்டை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்வது அவசரம். ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள நாய் நாளுக்கு 350 கிராம் உண்ணும்; 15 கிலோ மூட்டை அதற்கு 43 நாளில் தீர்ந்துவிடும். அந்த வீட்டுக்கு மூட்டைதான் பொருத்தம். மணியைப் போன்ற சிறிய நாய்க்கு அதே மூட்டை மிகப் பெரியது. அதற்கு 8 கிலோ பை ஏற்றது. ரி.ம. 76க்கு வாங்கினால் 40 நாள் வரும்; ஒரு நாள் செலவு ரி.ம. 1.90. மூட்டை காட்டிய ஆசை அளவுக்கு மிச்சமில்லைதான். இருந்தாலும் மாதம் 15 ரிங்கிட் கையில் நிற்கும், ஓர் உருண்டையும் வீணாகாது.

சிறு பொட்டலம் வாங்குவோரைச் சிக்கனம் அறியாதவர் எனக் குறைகூறுவதும் முறையன்று. வாரக் கூலி பெறும் ஒருவரால் ஒரே நாளில் 120 ரிங்கிட்டை எடுத்து வைக்க முடிவதில்லை. 18 ரிங்கிட்டை எடுக்க முடியும். ஒரு நாளுக்கு 80 சென் கூடுதலாகக் கொடுப்பது அவருடைய அறியாமையால் அன்று, கையில் மொத்தப் பணம் இல்லாததால். கடைகளில் மூட்டையைப் பிரித்து, வெறும் நெகிழிப் பைகளில் கிலோ கணக்கில் விற்பதும் உண்டு. விலை குறைவுதான், ஆனால் அந்த மூட்டை என்றைக்குத் திறக்கப்பட்டது என்பது பையில் இராது. கடைக்காரரிடம் கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குவது நலம்.

மணியின் வீட்டில் இப்போது வேறு ஏற்பாடு. பக்கத்து வீட்டு அத்தையிடமும் அதே அளவில் ஒரு நாய் இருக்கிறது. மூட்டையைத் திறக்கும் நாளிலேயே இரு வீட்டாரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கின்றனர். ஆளுக்கு 60 ரிங்கிட். முப்பத்தேழு நாளுக்கு மேல் வருகிறது. ஒரு நாள் செலவு அதே ரி.ம. 1.60. மணியின் பங்கு, மூட்டையின் பையோடு அப்படியே இறுக்கமான மூடியுள்ள வாளிக்குள் போகிறது. வாளி இருப்பது சமையலறையின் நிழல் மூலையில். அடியில் தங்கும் பழைய தூள் மேல் புதியதைக் கொட்டாமல், ஒவ்வொரு முறையும் வாளியைக் கழுவிக் காயவைக்கிறாள் மகள். மூடியின்மேல் ஒரு தாளை ஒட்டி, திறந்த தேதியை எழுதி வைத்திருக்கிறாள்.