வாடகைக் குடியின் தலையில் வரி

சென்னையில் வீடெடுத்துத் தங்கிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் எம்மவர் சிலர். அங்கு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்போர் வேறு சிலர். இவ்விரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய இந்திய வருமானவரி விதியொன்று உண்டு. மாத வாடகை 50,000 ரூபாவை மேவினால், வீட்டுக்காரர் செலுத்தவேண்டிய வரியில் ஒரு பகுதியைக் குடியிருப்பவரே கழித்து அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும் என்பதே அது. 2017 யூன் மாதம் நடைமுறைக்கு வந்த இவ்விதியின் வீதம் முதலில் நூற்றுக்கு 5; 2024 ஒக்டோபர் தொடக்கம் நூற்றுக்கு 2.

சரியாக 50,000 ரூபா கொடுப்பவருக்கு இத்தொல்லை இல்லை. 55,000 கொடுப்பவர் கதை வேறு. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை அவர் குடியிருந்தாரென வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் கழிக்கவேண்டியதில்லை, மார்ச் வாடகையில் ஒரேமுறை கழித்தாற் போதும். ஆனால் கணக்கிடவேண்டியது ஆண்டின் முழு வாடகையாகிய 6,60,000 ரூபாவுக்கு. வரி 13,200, வீட்டுக்காரர் கைக்குப் போவது 41,800. பலர் தவறுவது இங்கேதான். கடைசி மாதத்து 55,000 ரூபாவுக்கு மட்டும் 1,100 கழித்துவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். ஆண்டின் இடையில் வீட்டை விடுபவர் அக்கடைசி மாத வாடகையிலேயே கழித்துவிடல் வேண்டும்.

கழித்த தொகையை, கழித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் அதற்குரிய படிவத்தின் மூலம் இணையத்திற் கட்டவேண்டும். வரி கழிப்போருக்கென வழங்கப்படும் டான் எண் இதற்கு வேண்டியதில்லை. இருவரது பான் எண்களே போதும். வீட்டுக்காரர் பான் எண் தர மறுத்தால் வீதம் நூற்றுக்கு 20 ஆகிவிடும். எனினும் கழிவு கடைசி மாத வாடகையை மிஞ்சக்கூடாது. மேற்சொன்னவர் 2026 ஏப்ரல் 30இல் தரவேண்டிய படிவத்தை யூன் 10இல் தந்தால், நாளொன்றுக்கு 200 ரூபாவாக 41 நாட்களுக்கு 8,200 ரூபா தாமதக் கட்டணம், வட்டி வேறு. வரி வீட்டுக்காரருடையது, தண்டமோ குடியிருப்பவருடையது! வரித் திணைக்களத்தின் வேலையைச் சம்பளக்காரனிடம் சுமத்திவிட்டு, அவன் பிழைக்குத் தண்டமும் அறவிடுவது நீதியென்று நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் வீட்டுக்காரர் இந்தியாவில் வதிபவராயின் மட்டுமே பொருந்தும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாழ்ந்துகொண்டு சென்னை வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு 50,000 ரூபா எல்லை கிடையாது. வாடகை எவ்வளவாயினும், குடியிருப்பவர் டான் எண் பெற்று, ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 30 வீதமும் அதன்மேல் தீர்வையும் கழிக்கவேண்டும். இதனை மறைத்து ஒப்பந்தம் எழுதும் சொந்தக்காரர் தம் குடியையே வழக்கில் மாட்டிவிடுகிறார். உண்மையில் வரவேண்டிய வரி அவ்வளவு இல்லையெனில், குறைந்த வீதத்திற் கழிப்பதற்கான சான்றிதழை வரி அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். கழித்த பின்னரோ, ஆண்டு முடிவில் வருமான விபரம் சமர்ப்பித்து மீளப் பெறுவதே வழி.