ஆயா முகத்துக்கு இரண்டு நிறம் போதும்!

ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதுவது



நம் சத்துணவு ஆயா இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவர் முகத்தைக் கம்பளி நூலில் பின்னிச் சுவரில் மாட்டுகிற மாதிரி கொடுக்கலாம் என்று கைவேலை வகுப்பில் முடிவாகியிருக்கிறது. ஆனால் ஐந்து நிறம் வேணும், கணக்கு நோட்டுக் கட்டத்திலேயே படம் வரையலாம் என்று பலர் சொல்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் கட்டம். கணக்கு நோட்டில் கட்டம் சதுரம். ஆனால் பின்னலில் ஒரு கண்ணி சதுரமாக வராது, அகலம் அதிகம், உயரம் குறைவு. என் மாதிரித் துண்டை நனைத்து, இழுக்காமல் விரித்துக் காயவைத்து, நடுப்பகுதியில் ஸ்கேல் வைத்து எண்ணினேன். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 26 வரிசை. அப்படியானால் ஒரு கண்ணி 5 மி.மீ. அகலம், 3.85 மி.மீ. உயரம்தான்.

நமக்கு வேண்டியது 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். அகலத்துக்கு 30 கண்ணி. சதுரக் கட்டத்தில் வரைந்தால் உயரத்துக்கு 40 கட்டம் வரும். பின்னி முடித்தால் அந்த 40 வரிசை 15.4 செ.மீ. தான்! ஆயா முகம் மேலேயிருந்து அமுக்கின மாதிரி சப்பையாப் போயிடும். சரியான கணக்கு 52 வரிசை. இன்னொன்று, மாதிரித் துண்டையும் இரண்டு நூல் வைத்தே பின்ன வேண்டும். பின்னால் ஓடுகிற நூல் துணியைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஒரே நிறத்தில் பின்னி எண்ணினால் கணக்கு மாறிவிடும்.

ஆயாவின் போட்டோ 9 செ.மீ.க்கு 12 செ.மீ. ஜெராக்ஸ் கடையில் 167 சதவீதம் பெரிதாக்கச் சொன்னால் 15க்கு 20 ஆகிவிடும். அதன் மேலேயே கட்டம் போடலாம். நெடுங்கோடு 5 மி.மீ.க்கு ஒன்று, அது சுலபம். 20 செ.மீ.யை 52 ஆகப் பிரிப்பது எப்படி? ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். 0 படத்தின் கீழ்க்கோட்டிலும் 26 மேல்கோட்டிலும் படுகிற மாதிரி சாய்க்க வேண்டும். மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் வலப்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டால்தான் ஸ்கேல் எட்டும். பிறகு அரை செ.மீ.க்கு ஒரு புள்ளி. புள்ளிகள் வழியாக இணைகோடு இழுத்தால் சரியாக 52 வரிசை. (வடிவியல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இது!)

இப்போது நிறம். ஒரு வரிசையில் ஒரு நூல் பின்னும்போது மற்ற நூல்கள் துணிக்குப் பின்னால் ஓடும். இரண்டு நூலே விரலில் சிக்கும். ஐந்து என்றால் பின்பக்கம் கயிற்றுக் கட்டில்தான். இரண்டு நூலிலும்கூட ஒரு நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் சேர்ந்தாற்போல் வந்தால், பின்னால் ஓடுகிற நூலை நடுவில் ஒரு முறை முறுக்கிக்கொள்ளணும். இல்லாவிட்டால் தொங்கும், துணியும் சுருங்கும்.

முகத்தை அடையாளம் காட்டுவது நிறம் அல்ல, வெளிச்சமும் நிழலும்தான். போட்டோவைக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். நிறங்கள் மங்கி, திட்டுத் திட்டாக வெளிச்சமும் இருட்டும் தெரியும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸும் இதையேதான் செய்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆயா நல்ல கறுப்பு. சாதாரணமாக எடுத்தால் கண்ணும் மூக்கும் இருட்டில் முழுகிவிடும். வெளிறினது, நடுத்தரம், அடர்ந்தது என மூன்று பிரதி எடுத்து, கண் இமையும் உதட்டு ஓரமும் தெரிகிற பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக வெள்ளை நூலில் முகம் பின்னுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெள்ளையாகப் பின்னினால் அது வேறு யாரோ! காப்பிப்பொடி நிறம் ஒன்று, வெல்ல நிறம் ஒன்று, அவ்வளவுதான். முடியும் கண்ணும் கழுத்து நிழலும் காப்பி. நெற்றி, மூக்குத் தண்டு, கன்னத்து மினுமினுப்பு, பின்னணி எல்லாம் வெல்லம். ஒரு பக்கக் கன்னம் பின்னணியோடு கலந்துவிடும்தான். பரவாயில்லை, மற்றப் பக்கத்து நிழலைப் பார்த்து நம் கண்ணே அந்த ஓரத்தைப் போட்டுக்கொள்ளும்.

ஒரு கட்டத்தில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம் இருந்தால் எது அதிகமோ அதை வையுங்கள். தனியாக நிற்கிற ஒற்றைப் புள்ளிகளை அழித்துவிடுங்கள், பின்னலில் அவை அழுக்கு மாதிரி தெரியும். கண்ணிலும் உதட்டிலும் மட்டும் இந்த விதி செல்லாது. அங்கே ஒரு கண்ணி தள்ளினால் சிரிப்பு கோபமாகிவிடும். கட்டம் நிரப்பியதும் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துத் திருத்த வேண்டும்.

மூக்குத்தி? அதைக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். எல்லாம் பின்னி முடித்த பிறகு, அந்த ஒரே ஒரு கண்ணியின் மேல் வெள்ளை நூலைத் தையல் ஊசியில் கோத்து, கண்ணி போன வழியிலேயே ஓட்டிவிடலாம். அதை யார் தைப்பது என்று வகுப்பில் இப்பவே சண்டை!