நீல நம்பர் பிளேட்டில் 'சி.டி.'யா, 'சி.சி.'யா? தொப்பூரில் மோதினால் அந்த ஓர் எழுத்துதான் முக்கியம்

பெங்களூரில் இருந்து சேலம், கோவை பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் பார்க்காத வண்டி இல்லை. வெள்ளை பிளேட், மஞ்சள் பிளேட், எலெக்ட்ரிக் வண்டியின் பச்சை பிளேட் எல்லாம் பழகிப்போச்சு. எப்போதாவது ஒரு வெளிர் நீல பிளேட் வண்டி கடந்து போகும். வெள்ளை எழுத்தில் முதலில் ஓர் எண், நடுவில் ரெண்டு ஆங்கில எழுத்து, கடைசியில் இன்னோர் எண். டீக்கடையில் நிற்கும் யாராவது ஒருத்தர், "தூதரக வண்டிப்பா, யாரும் கை வைக்க முடியாது" என்பார்.

அது பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால், அந்த வண்டி மோதிய ஆளுக்குத்தான் நஷ்டம்.

முதல் எண் எதைச் சொல்கிறது?

நம்ம ஊர் வண்டியில் 'டிஎன் 29' என்றால் தர்மபுரி ஆர்டிஓ. நீல பிளேட்டின் முதல் எண் மாவட்டத்தைச் சொல்வதில்லை, நாட்டைச் சொல்கிறது. 77 என்றால் அமெரிக்கா. டெல்லியில் '77 சிடி' என்று ஆரம்பிக்கும் வண்டியைப் பார்த்தால் அது அமெரிக்கத் தூதரகத்தின் வண்டி. கடைசியில் வருவது அந்த நாட்டுக்கு ஒதுக்கிய வண்டிகளின் வரிசை எண். அது 1 என்று இருந்தால் வழக்கமாகத் தூதரே பயணிக்கும் கார். கூடவே முன்பக்கம் கொடி பறந்தால் சந்தேகமே வேண்டாம்.

நாட்டின் பெயரை எழுதாமல் எண்ணாகப் போட்டால் ரகசியம் என்று நினைக்கலாம். ஆனால் கொஞ்ச நாள் டெல்லி சாணக்யபுரியில் நின்று பார்த்தாலே எந்த எண் எந்தத் தூதரக கேட்டுக்குள் போகிறது என்று தெரிந்துவிடும். 2012 பிப்ரவரி 13 அன்று டெல்லியில் பிரதமர் இல்லத்துக்கு அதிக தூரமில்லாத சாலையில், ஓர் இன்னோவா காரின் பின்னால் பைக்கில் வந்தவர் காந்த வெடிகுண்டை ஒட்டிவிட்டுப் போனார். உள்ளே இருந்தவர் இஸ்ரேல் தூதரகப் பாதுகாப்பு அதிகாரியின் மனைவி. பள்ளியில் இருந்து குழந்தைகளைக் கூட்டிவரப் போய்க்கொண்டிருந்தார். அவரும், டிரைவரும், பக்கத்து வண்டியில் இருந்தவர்களும் காயமடைந்தார்கள். அன்றைய செய்திகளில் வந்த கார் எண் 109 சிடி 35. அந்த பிளேட்டை வைத்துத்தான் பின்தொடர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு நாட்டின் வண்டியைக் கூட்டத்தில் தனியாகக் காட்டிக்கொடுக்க அந்த முதல் எண் போதும்.

ஆக, தாக்க நினைப்பவனுக்கு இந்த பிளேட் தேவைக்கு மேலேயே தகவல் தருகிறது. ரோட்டில் அடிபட்டவருக்கு? அவருக்கு உதவக்கூடிய தகவல் நடுவில் இருக்கும் அந்த ரெண்டு எழுத்தில் இருக்கு. அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

நடு எழுத்துதான் விஷயமே

சி.டி. என்பது தூதர் குழுவுக்கான பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். டெல்லியில் இருக்கும் தூதரகம், ஹை கமிஷன் வண்டிகளுக்கு இது. சி.சி. என்பது துணைத் தூதரகம், அதாவது கான்சுலேட். சென்னை, பெங்களூர், மும்பை மாதிரி ஊர்களில் இருப்பவை. யு.என். என்றால் ஐ.நா. வண்டி. இவற்றுக்கெல்லாம் தனிப் பதிவு முறை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 42-வது பிரிவில் இருக்கிறது.

தர்மபுரி வழியாக நீல பிளேட் வண்டி போனால் அது பெரும்பாலும் பெங்களூர் அல்லது சென்னை கான்சுலேட் வண்டியாகத்தான் இருக்க வாய்ப்பு. டெல்லி தூதரின் கார் தொப்பூர் கணவாயில் இறங்குவது அபூர்வம். அப்படியென்றால் இந்த மாவட்டத்துக்கு சம்பந்தப்பட்ட எழுத்து சி.சி.

இந்த ரெண்டுக்கும் சட்டமே வேற. சி.டி.க்கு 1961 வியன்னா ஒப்பந்தம், சி.சி.க்கு 1963 வியன்னா ஒப்பந்தம். 1961 ஒப்பந்தப்படி தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது, கிரிமினல் வழக்கு நடத்த முடியாது. சில விதிவிலக்குகள் தவிர சிவில் வழக்கும் முடியாது. அந்த விதிவிலக்குகளில் சாலை விபத்து இல்லை. தூதரக வண்டியைச் சோதனை போடவோ ஜப்தி செய்யவோ கூடாது. நம்ம சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86-வது பிரிவும் தூதர் மீது வழக்கு போட மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது.

1963 ஒப்பந்தம் அவ்வளவு தாராளம் இல்லை. கான்சுலேட் அதிகாரிக்குப் பாதுகாப்பு, அவர் அலுவல் வேலையாகச் செய்த செயல்களுக்கு மட்டும்தான். கடுமையான குற்றம் என்றால் நீதித்துறை உத்தரவோடு கைதும் செய்யலாம். இதில் 43-வது பிரிவில் ஒரு வரி இருக்கு. வண்டியால் ஏற்பட்ட விபத்தில் மூன்றாம் நபர் இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு போட்டால், அந்தப் பாதுகாப்பு செல்லாது. அதாவது அலுவல் வேலையாகத்தான் போனேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. 56-வது பிரிவு, அந்த ஊர்ச் சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கான்சுலேட்காரர்கள் கட்டாயம் எடுத்திருக்கணும் என்கிறது.

இந்த ரெண்டு எழுத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இந்தியாவுக்கே ஒருமுறை கசப்பாகப் புரிந்தது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணை கான்சல் ஜெனரலாக இருந்த தேவயானி கோப்ரகடே கைதானார். வீட்டுப் பணியாளர் விசா தொடர்பான வழக்கு. நீங்கள் கான்சுலேட் அதிகாரி, அலுவல் வேலைக்கு மட்டும்தான் பாதுகாப்பு, இது அதில் வராது என்றது அமெரிக்கா. உடனே இந்தியா அவரை ஐ.நா.வுக்கான இந்தியக் குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரியில் முழு தூதரகப் பாதுகாப்பு கிடைத்து அவர் ஊர் திரும்பினார். ஆள் அதேதான், வழக்கும் அதேதான். மாறியது பதவியின் வகை மட்டும்.

தொப்பூரில் நடந்தால்?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பாலக்கோட்டில் இருந்து தக்காளி ஏற்றிய மினி வேன் தொப்பூர் இறக்கத்தில் மெதுவாகப் போகிறது. பின்னால் வந்த நீல பிளேட் கார் மோதுகிறது. வேன் டிரைவருக்குக் கால் எலும்பு முறிவு. காரை ஓட்டியவர் கான்சுலேட்டில் வேலை செய்யும் ஓசூர்க்காரர். பின் சீட்டில் வெளிநாட்டு அதிகாரி.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு, "டிப்ளமேட் வண்டி, நமக்கெதுக்கு வம்பு" என்று அந்த இடத்திலேயே ஏதோ ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது. பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு இருக்கிற மாதிரி எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். உண்மையில் அது ஆளுக்கு. ஸ்டியரிங் பிடித்த ஓசூர்க்காரர் இந்தியக் குடிமகன். சி.டி. வண்டியாகவே இருந்தாலும், உள்ளூரில் வேலைக்கு எடுத்த இந்திய ஊழியருக்கு, இந்திய அரசு தானாகத் தரும் அளவுக்கு மட்டும்தான் சலுகை என்று 1961 ஒப்பந்தத்தின் 38-வது பிரிவே சொல்கிறது. எனவே டிரைவர் பெயரில் எஃப்ஐஆர் போடுவதற்கு அந்த நீல நிறம் தடை இல்லை.

வேன்காரர் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. பிளேட்டை முழுசாக ஒரு போட்டோ. முதல் எண், நடு எழுத்து, கடைசி எண் மூன்றும் தெரியணும். "நீல நம்பர் பிளேட் கார்" என்று மட்டும் புகாரில் எழுதினால் அப்புறம் தேடுவது கஷ்டம். வண்டியை ஓட்டியது யார் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளணும். பின் சீட்டில் இருந்த அதிகாரியே ஓட்டியிருந்தால் கதை மாறும். அப்போது அவருடைய வெளியுறவுத் துறை அடையாள அட்டையைப் பார்த்து அவர் தூதரக அதிகாரியா, கான்சுலேட் அதிகாரியா என்று போலீஸ் குறிக்கணும்.

இழப்பீட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு. விபத்து நடந்த இடத்திலோ, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனு போடலாம். பெங்களூருக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை, தர்மபுரியே போதும். ஆனால் 2019 திருத்தப்படி 6 மாதத்துக்குள் போடணும். "தூதரகத்தோட பேசிக்கிட்டிருக்கோம்" என்று யாராவது சொல்வதை நம்பிக் காத்திருந்தால் அந்த 6 மாதம் ஓடிவிடும்.

அதே காரில் சி.டி. என்று இருந்து, வெளிநாட்டு அதிகாரியே ஓட்டியிருந்தால்? அங்கே கதவு கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. எஃப்ஐஆர் இருக்கும், கைது இருக்காது. மத்திய அரசு அந்த நாட்டிடம் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நாடுகள் அரிதாகத்தான் ஒத்துக்கொள்ளும். 1997-ல் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி குடித்துவிட்டு ஓட்டி 16 வயதுப் பெண் இறந்தபோது, ஜார்ஜியா அவருடைய பாதுகாப்பை விலக்கியது. அவர் அங்கேயே சிறைக்குப் போனார். இன்றும் இந்தப் பேச்சு வந்தால் அந்த உதாரணத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதே இது எவ்வளவு அபூர்வம் என்று காட்டுகிறது.

தூதர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேற நாட்டில் நம்ம ஆட்களுக்கும் அது தேவை. ஆனால் 1963-ல் எழுதிய அந்த 43-வது பிரிவு, விபத்தில் அடிபடும் சாதாரண ஆளுக்காகவே எழுதியது. ஒப்பந்தம் கொடுத்த உரிமையை, பிளேட்டின் நிறத்தைப் பார்த்துப் பயந்து நாமே விட்டுக்கொடுப்பது அநியாயம். நெடுஞ்சாலை 44-ல் இருக்கும் தொப்பூர் மாதிரி ஸ்டேஷன்களுக்கு நாடுகளின் எண் பட்டியலே தேவையில்லை. அதை டெல்லியில் வெளியுறவுத் துறை பார்த்துக்கொள்ளும். சி.டி. என்றால் இது, சி.சி. என்றால் இது, டிரைவர் இந்தியர் என்றால் இது என்று தமிழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைச் சுவரில் ஒட்டினால் போதும். மாவட்ட காவல்துறை ஒரே நாளில் செய்துவிடக்கூடிய வேலை அது.